முப்பதாம் நாளுக்கு முன்

மணியாச்சிப் பக்கம் குழு லோன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தின் மாதாந்திர அறிக்கையைப் படிக்கும் வாய்ப்பு கிடைத்தது. 'போர்ட்ஃபோலியோ அட் ரிஸ்க்' என்பது அதன் பெயர். அலுவலகத்தில் சுருக்கி 'பார்' என்கிறார்கள். இடப்பக்கம் களப்பணியாளர்களின் பெயர்கள், எல்லாம் ஆண்கள். வலப்பக்கம் 1–30 நாள், 31–60, 61–90, அதற்கு மேல் எனக் கட்டங்கள். கடன் வாங்கியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஒருத்தி பெயரும் அதில் இல்லை.

கணக்கு இப்படிப் போகிறது. ஒருத்திக்கு இன்னும் 30,000 ரூபாய் அசல் பாக்கி, மாதத் தவணை 2,150 என்று வைத்துக்கொள்வோம். ஒரு தவணை தவறி முப்பது நாள் தாண்டினால் 2,150 மட்டும் அல்ல, மொத்த 30,000மும் 'ஆபத்தில்' சேரும். ஒரு களப்பணியாளரின் பொறுப்பில் 60 லட்சம் கடன் இருந்தால், அப்படி இரண்டு பெண்கள் போதும், அவர் பெயருக்கு நேரே 1 சதவீதம் ஏறிவிடும். இருபத்தெட்டாம் நாள் வாசலில் அவர் குரல் ஏன் உயர்கிறது என்பது இங்கே விளங்குகிறது. அவரைக் குறை சொல்லி என்ன? அந்த வரி அவருடைய வேலை.

விகிதத்தைக் குறைக்க வேறு வழியும் உண்டு. புதிதாக 15 லட்சம் கடன் கொடுத்துவிட்டால் மொத்தம் 75 லட்சமாகும். அதே 60,000 பாக்கி இப்போது 0.8 சதவீதம்தான். ஒரு பெண்ணின் நிலையும் மாறவில்லை, அறிக்கை மட்டும் தேறிவிட்டது.

எனக்கு உறுத்தியது பூஜ்யங்கள்தான். கரிசல் மானாவாரியில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்தால் உளுந்தும் பாசியும் காசாவது தை, மாசியில். இடையில் தீப்பெட்டி ஆபீஸ் கூலிதான் தவணைக்கு வழி. அடைமழையில் அதுவும் குறையும். கார்த்திகையில் நிலுவை கூடியிருக்க வேண்டும். பல வரிகளில் கூடவில்லை.

என் சித்தி ஒரு குழுவில் இருக்கிறார். கேட்டேன். "மீட்டிங் முடியணும்லா, வராதவளுக்கும் சேத்து நாங்கதான் போடுவோம்" என்றார். அந்த மாதம் பக்கத்து வீட்டுக்காரிக்காகத் தன் கம்மலை அடகு வைத்திருந்தார். அறிக்கையில் அந்தத் தவணை 'நேரத்தில் வந்தது'. கூட்டுப்பொறுப்பு என்பது கடனை அழிப்பதில்லை, ஒரு பெண்ணிடமிருந்து இன்னொருத்திக்கு நகர்த்துகிறது. நகர்ந்த கடனுக்கு அங்கே கட்டம் இல்லை. கந்துவட்டிக்கு வாங்கிக் கட்டியதற்கும் இல்லை.

வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கடனாளியை அழைக்கக் கூடாது என்றன ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிகள். எத்தனை நாள் தாமதம் என்று எண்ணும் இந்தத் தாளில், எத்தனை மணிக்குக் கேட்டார்கள் என்பதற்கு இடமில்லை. தவணையைக் கட்டியது கடன் வாங்கியவளா, குழுவா என்று ஒரே ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டாலே, சித்தியின் கம்மல் அந்தத் தாளில் தெரிந்திருக்கும்.