கிளிப்பை எடுக்கலாம், பல்லை மாற்றக் கூடாது: போட்டோஷாப்பின் Generative Fill

பல்லுக்குக் கிளிப் போடும் வயதும் மஞ்சள் நீராட்டு விழா வயதும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் ராஜபாளையமோ ஸ்ரீவில்லிபுத்தூரோ, சடங்கு வீட்டு ஆல்பம் செய்யும் ஸ்டுடியோவில் “பாப்பாவோட பல்லுக் கம்பி மட்டும் தெரியாம பண்ணிருங்கண்ணே” என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். முன்பு பல் பல்லாகப் பார்த்துச் செய்த வேலை இது. 2023 மே மாதம் போட்டோஷாப்பின் சோதனைப் பதிப்பிலும், அதே ஆண்டு செப்டம்பரில் முழுப் பதிப்பிலும் வந்த Generative Fill, வாயைச் சுற்றி ஒரு கோடு போட்டால் போதும், கம்பியில்லாத மூன்று சிரிப்புகளைத் தந்துவிடுகிறது. வேகத்தில் குறையே இல்லை. ஆனால் வருவது அந்தப் பெண்ணின் சிரிப்பா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கருவி கம்பிக்கு அடியில் இருப்பதைத் தேடி எடுப்பதில்லை. தேர்ந்தெடுத்த இடத்தைத் துடைத்துவிட்டு, சுற்றியிருப்பதை வைத்துப் புதிதாக வரைகிறது. வாய் முழுவதையும் கொடுத்தால் பற்கள் முழுவதுமே புதியவை. அதைக் கண்டுபிடிக்கச் சில இடங்கள் இருக்கின்றன. இயல்பில் முன்பல் இரண்டும் அகலம், அடுத்தது ஒடுக்கம், கோரைப்பல் கூர்மையாகவும் சற்று மஞ்சளாகவும் இருக்கும். கருவி வரைந்த வரிசையில் எல்லாம் ஒரே அகலம், ஒரே வெள்ளையாகிவிடுவது உண்டு. இயல்பான சிரிப்பில் வாயோரத்துப் பற்கள் நிழலில் மங்கும். இங்கே கடைவாய் வரை பளிச்சென்று இருக்கலாம். ஒரு பல் கூடியோ குறைந்தோ வரவும் கூடும். அளவிலும் சிக்கல் இருந்தது. தொடக்கத்தில் இந்தக் கருவி ஒரு முறைக்கு 1024 பிக்சல் சதுரம்தான் வரைந்தது. முகத்தை நெருக்கமாக எடுத்த படத்தில் வாய் மட்டுமே 1500 பிக்சல் இருந்தால், வரைந்ததை இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கன்னத்தில் தோலின் துளைகள் தெரியும்போது பல் மட்டும் மெழுகாகத் தெரிந்தது இதனால்தான்.

கையால் செய்யும் முறைக்கு ஆதாரம் படத்திலேயே இருக்கிறது. கிளிப் பல்லின் நடுவில்தான் ஒட்டியிருக்கும். ஈறுப் பக்கம் ஒரு பட்டையும் கடிக்கும் விளிம்பில் ஒரு பட்டையும் அந்தப் பல்லின் சொந்த நிறத்தோடு தெரியும். புது லேயர் திறந்து, Clone Stamp கருவியை Current & Below என்று வைத்து, மேல் பாதியை மேல் பட்டையிலிருந்தும் கீழ்ப் பாதியைக் கீழ்ப் பட்டையிலிருந்தும் மூட வேண்டும். ஒரு பல்லின் நிறத்தை இன்னொரு பல்லுக்குக் கடன் வாங்கக் கூடாது. பல்லுக்குப் பல் இடையிலுள்ள கருங்கோட்டில் கம்பி ஓடும் இடத்தை, அந்தக் கோட்டின் மேல்கீழ்த் துண்டுகளைக் கொண்டே இணைக்க வேண்டும்; அது அழிந்தால் பற்கள் ஒரே பலகையாகிவிடும். உதட்டோரத்தில் Healing Brush வேண்டாம். அது சுற்று நிறத்தோடு கலப்பதால் உதட்டின் சிவப்பு பல்லில் ஏறும். கிளிப்பின் கலர் ரப்பர் பல்லில் விட்ட நீலச் சாயலை, Color முறையில் வைத்த லேயரில் பல்லின் நிறத்தைப் பூசிப் போக்கலாம். உதட்டின் வடிவத்தைத் தொடவே வேண்டாம். உள்விளிம்பில் விழுந்த கம்பி நிழலையும் உலோக மினுக்கத்தையும் எடுத்து, ஈரப் பளபளப்பை விட்டுவிட்டால் போதும்.

“பத்தடி ஃப்ளெக்ஸில் இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்?” என்பது நியாயமான கேள்விதான். தெருமுனையில் நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் அதே படம்தான் ஆல்பத்திலும் கூடத்துச் சுவரிலும் இருக்கப்போகிறது. அங்கே பார்ப்பவர்கள் அந்தப் பல்லைத் தினமும் பார்க்கிறவர்கள். “கிளிப்பே பல்லைச் சீராக்கத்தானே, கணினியும் சீராக்கினால் என்ன?” என்றும் கேட்கலாம். கருவி வரைவது மருத்துவர் கொண்டுவரப்போகும் வரிசை அல்ல, யாருடையதும் அல்லாத வரிசை. சிகிச்சை முடிந்த பிறகு அவளுடைய உண்மையான பல்லே ஆல்பத்தோடு பொருந்தாமல் போகும். தெற்றுப்பல் இருந்தால் அது இருக்கட்டும். கிளிப் போடுவதற்கு முந்தைய படம் கிடைத்தால் பல்லின் உருவத்துக்கு அது வழிகாட்டும். ஆனால் பற்கள் அதன் பிறகு நகர்ந்திருக்கும் என்பதால் இடத்தை மட்டும் இப்போதைய படத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கருவியை ஒதுக்கவும் வேண்டாம், வாயை மொத்தமாக அதனிடம் கொடுக்கவும் வேண்டாம். கீழ்ப்பல் சிறியது, கிளிப் அதைப் பெரும்பாலும் மூடிவிடும், கடன் வாங்கப் பட்டையே மிஞ்சாது. அங்கே ஒவ்வொரு கிளிப்பையும் தனித்தனியாக, உதட்டைத் தொடாமல், சிறு வட்டமாகத் தேர்ந்தெடுத்து Generative Fill கொடுத்தால் பல்லின் எல்லைக்கோடு அசலாகவே நிற்கும். மேல்வரிசை முன்பற்கள் ஆறும் கைவேலைக்கு உரியவை. முடித்ததும் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பழகிய கண் தவறவிட்ட கோணல் அப்போது தெரியும். பிறகு மூலப்படத்தையும் திருத்தியதையும் மாற்றி மாற்றிப் பார்த்துப் பற்களை எண்ணுங்கள். கம்பியைத் தவிர வேறெதுவும் அசையவில்லை என்றால் அச்சுக்கு அனுப்பலாம்.