ஒகேனக்கல் படங்களைப் பொருத்தும் ஓப்பன்சிவி: கணக்கு சரி, வாய்தான் திறப்பதில்லை

கோடையில் ஒகேனக்கல் காவிரி பாறை இடுக்குகளில் ஓடும் சில ஓடைகளாகச் சுருங்கிவிடும். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி உபரிநீர் வந்துவிட்டால் ஐந்தருவி இருந்த சுவடே தெரியாது. 2018, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் நீர்வரத்து நொடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. வறண்ட பாறையிலிருந்து அந்த வெள்ளம் வரையிலான மாற்றத்தை 15 நொடி டைம்லாப்ஸாகக் காட்ட ஆசைப்படுகிறவருக்கு, ஆண்டு முழுக்க ஒரு முக்காலியை அங்கே நட்டு வைக்க வழியில்லை. கரையில் ஒரே இடத்துக்குப் பலமுறை போய், கையில் பிடித்த ஃபோனால் எடுத்துக் கொண்டு வருவதுதான் நடக்கும். அப்படி எடுத்த படங்களை அடுக்கி ஓட்டினால் அருவியைவிடப் படம்தான் அதிகம் குதிக்கும். அதை நிறுத்தத்தான் ஓப்பன்சிவி. 1999-இல் இன்டெல்லில் தொடங்கிய இலவச நூலகம்; அதன் பெருமைகள் ஊரறிந்தவை. சில வாரம் அதோடு புழங்கினால் ஒரே ஒரு குணம் மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும்: அது தோற்றுப்போனால் சொல்வதில்லை.

வேலை நடக்கும் விதம் எளிது. ஒரு படத்தை மேற்கோள் படமாக வைத்துக்கொள்கிறோம். அதிலும் புதிய படத்திலும் மூலை, விரிசல் போன்ற அடையாளப் புள்ளிகளைத் தேடி, ஒத்த இணைகளைச் சேர்க்கிறோம். பிறகு ரான்சாக் என்ற முறை, அந்த இணைகளில் சிலவற்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து, இந்த நகர்வுக்கு எத்தனை பேர் ஆதரவு என்று திரும்பத் திரும்ப எண்ணி, அதிக ஆதரவு பெற்றதை அறிவிக்கிறது. இதை ஒரு தேர்தல் என்றே வைத்துக்கொள்ளலாம். குறைந்தபட்ச வாக்குப்பதிவு என்ற விதி மட்டும் இதில் கிடையாது. `findHomography`-க்கு நான்கு இணைகள் போதும். நான்கு என்றால் எந்த நான்குக்கும் ஓர் அணியைத் துல்லியமாகப் பொருத்திவிடலாம். ஆகவே 60 இணைகளில் வெறும் 9 ஒத்துப்போனாலும் அது ஓர் அணியைக் கையில் கொடுக்கும். அந்த அணியைப் போட்டால் பாறை முறுக்கிய துணியாக வரலாம், அல்லது கண்ணுக்கு உடனே படாதபடி அரை விரல் சாய்ந்து வரலாம். இரண்டாவதுதான் ஆபத்து.

"இது நூலகம், செயலி அல்ல, சரிபார்ப்பது எழுதுபவர் பொறுப்பு" என்று ஓப்பன்சிவியின் ஆதரவாளர்கள் சொல்வார்கள். பாதி நியாயம். மீதிப் பாதியில்தான் என் எரிச்சல். இதே நூலகத்தின் பனோரமாப் பகுதி, இரண்டு படங்கள் நிஜமாகவே பொருந்துகின்றனவா என்று ஒரு நம்பிக்கை மதிப்பைக் கணக்கிடுகிறது. பிரௌனும் லோவும் 2007-இல் வெளியிட்ட பனோரமா ஆய்வின் வழியில் வந்த கணக்கு அது: ஒத்துப்போன இணைகளின் எண்ணிக்கையை, `8 + 0.3 × மொத்த இணைகள்` என்பதால் வகுக்கிறது. 60 இணைகளுக்கு வகுத்தி 26. ஒத்துப்போனவை 31 என்றால் விடை ஒன்றைத் தாண்டும், ஏற்கலாம்; 9 என்றால் தள்ளு. ஆக, வீட்டின் ஓர் அறையில் இருக்கும் தராசை அடுத்த அறைக்குக் கொண்டுவர யாரும் மெனக்கெடவில்லை. `findTransformECC` என்ற இன்னொரு செயற்பாடும் உண்டு. புள்ளிகளைத் தேடாமல் படத்தின் ஒளி அளவையே ஒப்பிட்டு நகர்த்தும் அது, ஒருங்காவிட்டால் பிழை எழுப்பி நின்றுவிடுகிறது; ஒருங்கினால் ஒற்றுமை மதிப்பையும் சேர்த்துத் தருகிறது. பேசத் தெரியாத நூலகம் இல்லை இது. பேச வேண்டிய இடத்தில் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

சரி, யாருக்கு வாக்குரிமை? இதை முடிவு செய்ய மனிதர்தான் வேண்டும். வெள்ளை நுரையில் அடையாளப் புள்ளிகள் கொட்டிக் கிடக்கும். முன்னிருப்பில் 500 புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் ஆர்ப் முறை, வலுவானவற்றை முதலில் எடுப்பதால், நுரையிலேயே ஒதுக்கீட்டின் பெரும்பகுதியைச் செலவழித்துவிடும். நுரை நாளுக்கு நாள் ஒத்துப்போகாது என்பதால் அந்தப் புள்ளிகள் தவறான வாக்குப் போடுவதில்லை. பாறையின் இடத்தை அடைத்துக்கொள்வதே அவை செய்யும் கேடு. நிழல் விவகாரம் வேறு. காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் எடுத்த படங்களில் பாறை நிழலின் விளிம்பு மொத்தமாக நகர்ந்திருக்கும், அதன் புள்ளிகள் கட்டுக்கோப்பாக ஒரே பக்கம் வாக்களிக்கும். அதற்கு மருந்து மென்பொருளில் இல்லை. ஒரே நேரத்தில் எடுப்பதுதான். மற்றவற்றுக்கு மாஸ்க் போதும். மேற்கோள் படத்தில் நீர், வானம், மரம் எல்லாவற்றையும் கறுப்பாக்கி, எந்த வெள்ளத்திலும் மூழ்காத மேல்பாறைகளையும் கட்டடங்களையும் மட்டும் வெள்ளையாக விட்டால், இணைகள் அங்கிருந்து மட்டுமே வரும். மாஸ்க்கை ஒருமுறை வரைந்தால் போதும். புதிய படங்களுக்குத் தேவையில்லை.

```python
sift = cv2.SIFT_create()
k1, d1 = sift.detectAndCompute(ref, mask)
k2, d2 = sift.detectAndCompute(img, None)
pairs = cv2.BFMatcher().knnMatch(d2, d1, k=2)
good = [m for m, n in pairs if m.distance < 0.75 * n.distance]
src = np.float32([k2[m.queryIdx].pt for m in good])
dst = np.float32([k1[m.trainIdx].pt for m in good])
M, inl = cv2.estimateAffinePartial2D(src, dst, ransacReprojThreshold=3)
ok = inl.sum() / (8 + 0.3 * len(good)) > 1
```

ஆர்ப்பை விட்டு சிஃப்டுக்கு வந்ததற்குக் காரணம், நனைந்த பாறையும் காய்ந்த பாறையும் கேமராவுக்கு வேறு வேறு நிறம். ஒளி மாற்றத்தை சிஃப்ட் நன்றாகத் தாங்கும். 2020-இல் அதன் காப்புரிமை முடிந்ததால் 4.4 பதிப்பிலிருந்து தனியாக எதையும் நிறுவாமலே கிடைக்கிறது. கவனிக்க வேண்டிய இன்னொன்று: எல்லாப் படமும் ஒரே மேற்கோள் படத்தோடு பொருத்தப்படுகிறது. முந்தைய படத்தோடு சங்கிலியாகப் பொருத்தினால் சின்னச் சின்னப் பிசகுகள் கூடிக்கொண்டே போய், ஆடி மாதப் படம் சித்திரை மாதப் படத்தை விட்டு எங்கோ ஒதுங்கி நிற்கும்.

மாஸ்க் தீர்த்து வைப்பது பாதிதான். அதோடு ஒரு புதுச் சிக்கலும் வந்து சேர்கிறது. வெள்ளத்தில் மூழ்கும் பாறைகளை விலக்கிய பிறகு எஞ்சும் புள்ளிகள் எல்லாம் படத்தின் மேல் கால் பகுதியில் ஒரு பட்டையாகக் கிடக்கும். மேலே சொன்ன 31 இணைகள் அத்தனையும் அந்தப் பட்டையில் இருந்தால், நம்பிக்கை மதிப்பு தேர்ச்சி என்று சொல்லும்; ஹோமோகிராஃபியின் எட்டு எண்களோ மேலே நேராக நின்று கீழே ஆடும், ஏனென்றால் கீழே அவற்றைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. அதனால்தான் மேலுள்ள நிரலில் நகர்வு, சுழற்சி, அளவு என்று நான்கே எண்கள் உள்ள `estimateAffinePartial2D`. ஃபோனை மேலும் கீழும் சாய்த்தால் வரும் கோணல் இந்த நான்கில் அடங்காதே என்று கேட்டால், சரிதான். 4000×3000 பிக்சல் படத்தில், குவியத் தூரம் சுமார் 3000 பிக்சல் உள்ள சாதாரண ஃபோன் லென்ஸில், ஒரு டிகிரி சாய்வுக்கு நடுவைப் பொருத்தினாலும் மூலைகளில் ஏறத்தாழ 20 பிக்சல் மிஞ்சும். 1920 பிக்சல் காணொளியில் அது 10. எடுக்கும்போதே பழைய படத்தைத் திரையில் மங்கலாக வைத்து ஒத்துப் பார்த்தால் சாய்வு இதைவிடக் குறையும். அதுவும் போதாதவர்களுக்கு `H = K R K⁻¹` என்ற வடிவம் இருக்கிறது: லென்ஸின் குவியத் தூரம் தெரியும் என்றால், தேட வேண்டியவை மூன்று சுழற்சிக் கோணங்கள் மட்டுமே. கோடைப் படங்களை மட்டும் தமக்குள் பொருத்துவதானால் மூழ்கும் பாறைகளையும் மாஸ்க்கில் வெள்ளையாக விடலாம்; புள்ளிகள் நாலா பக்கமும் பரவியிருப்பதால் ஹோமோகிராஃபியே போதும். எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒத்துப்போன புள்ளிகள் படத்தில் எங்கே கிடக்கின்றன என்று வரைந்து பார்ப்பதுதான் இங்கே உண்மையான சோதனை.

இவ்வளவும் கை செய்த தவறுக்குத்தான். கால் செய்யும் தவறை எந்த அணியாலும் திருத்த முடியாது, அதையும் ஓப்பன்சிவி சொல்லாது. நிற்கும் இடம் பக்கவாட்டில் 30 செ.மீ. மாறினால், 10 மீட்டரில் உள்ள பாறை படத்தில் 90 பிக்சல் நகரும், 100 மீட்டரில் உள்ள பாறைச்சுவர் 9 பிக்சல்தான் நகரும். ஒன்றைப் பொருத்தினால் மற்றது 81 பிக்சல் தள்ளி நிற்கும். ரான்சாக் பெரும்பான்மை உள்ள ஆழத்தைத் தேர்ந்தெடுத்து, மற்றதைக் கழித்துவிட்டு, வெற்றி என்று திரும்பும். சுற்றுலாப் பயணிகள் போட்ட படங்களிலிருந்தே டைம்லாப்ஸ் செய்திருக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், 2015-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் கூகுளும் சேர்ந்த ஒரு குழு இணையப் படங்களிலிருந்து அப்படிச் செய்து காட்டியது. அவர்கள் ஓர் அணியைப் போட்டுச் சமாளிக்கவில்லை; காட்சியை முப்பரிமாணத்தில் மீட்டெடுத்து, ஆழத்தைக் கணித்து, ஒரே கண்ணோட்டத்துக்குத் திருப்பி வரைந்தார்கள். சிட்னியின் மேன்லி கடற்கரையில் 2017-இல் தொடங்கிய கோஸ்ட்ஸ்னாப் திட்டம் இன்னும் மலிவான வழியைப் பிடித்தது: ஃபோனை வைக்க ஓர் எஃகுத் தாங்கி. யார் எடுத்தாலும் இடம் மாறாது. ஒகேனக்கல்லில் அந்தத் தாங்கிக்குப் பதில் ஒரு கைப்பிடிச் சுவரின் மூலையில் ஃபோனை அணைத்துப் பிடித்தால் போதும். தொங்குபாலத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அது ஆடும் என்பது ஒருபுறம். வெள்ளம் வந்தால் அருவிக்குப் போகும் நடைபாதையையே மூடிவிடுவார்கள், முக்கியமான படங்கள் கிடைக்காது.

கடைசியாக, இந்த மௌன குணத்தின் அற்ப உதாரணம் ஒன்று. விண்டோஸில் கோப்புறைக்கு 'ஒகேனக்கல்' என்று தமிழில் பெயர் வைத்தால் `cv2.imread` படத்தைத் திறக்காமல் போகலாம். நிரல் நிற்காது, `None` என்று ஒரு வெறுமை திரும்பி வரும், பத்து வரி தாண்டி வேறெங்கோ புரியாத பிழை வெடிக்கும். `np.fromfile(path, np.uint8)`-ஆல் படித்து `cv2.imdecode`-இடம் கொடுத்தால் தமிழ்ப் பெயரும் வேலை செய்யும். ஆங்கிலத்தில் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவுரை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிரல் எழுதவே விருப்பமில்லாதவர்கள் ஹகின் மென்பொருளோடு வரும் `align_image_stack` கட்டளையை முயலலாம். அது சுழற்சிக் கோணங்களை வைத்தே பொருத்தும், கோடைக்குள் எடுத்த சில படங்களுக்குத் தாராளமாகப் போதும். வறட்சியிலிருந்து வெள்ளம் வரை போக வேண்டும் என்றால் ஓப்பன்சிவிதான்; மாஸ்க்கும், அந்த வகுத்தல் வரியும், புள்ளிகளை வரைந்து பார்க்கும் பழக்கமும் கூடவே வேண்டும். தேர்ச்சி பெறாத படத்தை எப்படியாவது பொருத்தப் பாடுபட வேண்டியதில்லை. அதை விட்டுவிட்டு, இரு பக்கப் படங்களையும் ஒன்றுக்குள் ஒன்று கரைய விட்டால் பார்ப்பவர்களுக்குத் தெரியப்போவதில்லை.