திரையோடு ஒலியையும் பகிர்தல்: ஜூம், கூகுள் மீட் ஒரு மதிப்பீடு

இணையவழிக் கூட்டத்தில் திரையைப் பகிரும்போது எதிர்முனைக்குச் செல்வது பெரும்பாலும் படம் மட்டுமே. கணினியில் ஓடும் காணொளியின் ஒலியையும் அனுப்ப வேண்டும் என்று தனியாகக் குறிப்பிட்டாலொழிய அது பெரும்பாலும் உடன் செல்வதில்லை. பகிர்பவரின் காதில் ஒலி தெளிவாக விழுந்துகொண்டே இருப்பதால், மற்றவர்கள் ஊமைப்படம் பார்த்துக்கொண்டிருப்பதை அவர் தாமாக அறிய வழியில்லை. ஒலிபெருக்கியைக் கூட்டிவைத்தால் மைக் அதைப் பிடித்து அனுப்பிவிடும் என்று கருதுவோர் உண்டு. ஆனால் மைக்கின் வழியே வரும் ஒலியில் பேச்சை மட்டும் கடத்தி மற்றவற்றை அடக்கும் இரைச்சல் குறைப்பு இச்செயலிகளில் இயல்பாகவே இயங்குவதால், இசை துண்டுதுண்டாகவும் தேய்ந்தும் போய்ச் சேரும். பகிர்பவர் ஹெட்ஃபோன் அணிந்திருந்தாலோ மைக்குக்கு எதுவுமே எட்டாது.

இக்குறையை ஜூம் செயலி எவ்வளவு தீர்க்கிறது என்பதற்கு ஒரு மிருதங்க வகுப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் ஒருவர் தனி ஆவர்த்தனத்தின் காணொளித் துண்டொன்றை மாணவர்களுக்குக் காட்ட விரும்பினால், திரையைப் பகிர்வதற்கான சாளரத்தின் அடிப்பகுதியில் உள்ள Share sound என்னும் பெட்டியில் குறியிட்ட பின்னரே பகிர்வைத் தொடங்க வேண்டும். மறந்து தொடங்கிவிட்டாலும், பகிரும்போது தோன்றும் பட்டையின் More பகுதியில் அதனை இயக்கிக்கொள்ளலாம். மேக் கணினியில் முதன்முறை இதைச் செய்யும்போது ஒலிக்கான துணை மென்பொருளை நிறுவ அனுமதி கேட்கப்படலாம் என்பதால், வகுப்பு நடக்கும்போது அல்லாமல் முன்கூட்டியே ஒருமுறை இயக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

அப்பெட்டிக்கு அருகிலுள்ள அம்புக்குறி மோனோ, ஸ்டீரியோ என்னும் இரு தெரிவுகளைத் தருகிறது. மோனோ என்பது எல்லா ஒலியையும் ஒரே தடத்தில் கலந்து அனுப்புவது. ஸ்டீரியோ இடம், வலம் என இரு தடங்களைப் பிரித்து அனுப்புவது. வலந்தலையும் தொப்பியும் வெவ்வேறு பக்கங்களிலிருந்து ஒலிக்குமாறு பதிவு செய்யப்பட்டிருந்தால் ஸ்டீரியோவின் பயன் தெரியும், அதுவும் மாணவர் ஹெட்ஃபோனில் கேட்டால்தான். வெறும் விளக்கவுரைக்கு மோனோவே போதும். இதனினும் முக்கியமானது Optimize for video clip என்னும் மற்றொரு பெட்டி. இயல்பான திரைப்பகிர்வு எழுத்தின் கூர்மையைக் காப்பதற்காக நொடிக்குச் செல்லும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதால், விரல்களின் வேகமான அசைவு விட்டுவிட்டுத் தெரியும். இப்பெட்டியில் குறியிட்டால் அசைவு சீராகிறது; அதற்கு விலையாகக் கூர்மை குறைவதால், அடுத்துக் காட்டும் சொற்கட்டுத் தாளின் எழுத்துகள் மங்கலாகிவிடும். காணொளி முடிந்ததும் இதனை அணைப்பதை ஜூம் பயனரின் நினைவுக்கே விட்டிருப்பது இவ்வசதியின் உண்மையான குறை.

கூகுள் மீட் வேறு வழியில் செல்கிறது. குரோம் உலாவியில் ஒரு தாவலைப் பகிரத் தேர்ந்தெடுக்கும்போது அத்தாவலின் ஒலியையும் சேர்த்தனுப்பும் தெரிவு உடன் தோன்றுகிறது. பிற தாவல்களின் ஒலியோ மின்னஞ்சல் வந்ததற்கான மணியோசையோ அதில் கலப்பதில்லை. கணினியின் ஒலி முழுவதையும் எடுத்துக்கொள்ளும் ஜூமில் இந்தத் தூய்மையை எதிர்பார்க்க இயலாது. ஆனால் தாவலுக்குப் பதிலாக ஒரு தனிச் சாளரத்தைப் பகிர்ந்தால் இத்தெரிவு கிட்டாமற்போகலாம் என்பதால், விஎல்சி போன்ற மென்பொருளில் காணொளியை ஓட்டுபவர் ஏமாற நேரலாம். கணினியில் சேமித்த எம்பி4 கோப்பை இழுத்துவந்து குரோமின் புதிய தாவலொன்றில் போட்டால் அது அங்கேயே ஓடும். அத்தாவலை ஒலியோடு பகிரலாம்.

ஒலி முறையாகச் செல்கிறதா என்பதைக் கண்டறிய, கைபேசியை இரண்டாவது பங்கேற்பாளராகச் சேர்த்து, அதன் மைக்கை அணைத்து, ஹெட்ஃபோன் செருகிக் கேட்பதே நம்பத்தகுந்த முறை. அங்கே ஒவ்வொரு சொல்லும் இரட்டித்துக் கேட்டால், நேரடியாகச் செல்லும் ஒலியோடு ஒலிபெருக்கியிலிருந்து மைக் பிடித்த ஒலியும் சற்றுத் தாமதமாகச் சேர்கிறது என்று பொருள். மைக்கை அணைத்தாலும் பகிரப்படும் ஒலி நிற்காது என்பதால், காணொளி ஓடும் நேரத்தில் அதனை அணைத்துவிடுவதே இதற்குத் தீர்வு. ஒலி மிகத் தாழ்ந்து கேட்டாலோ காணொளி இயக்கியின் ஒலியளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பகிர்பவர் தம் காதுக்கு இதமாக அதனைக் குறைத்துக்கொண்டால் எதிர்முனைக்கும் ஒலி அந்த அளவுக்குக் குறைந்தே செல்லும். படத்தில் விரல் விழுந்த பின்னரே ஒலி வந்து சேர்ந்தாலோ ஒலி அறுபட்டாலோ பெரும்பாலும் பகிர்பவரின் இணையப் பதிவேற்ற வேகமே காரணமாக இருக்கும். அதனை எந்தப் பெட்டியும் சரிசெய்வதில்லை என்பதால், அத்தகைய இணைப்பில் காணொளியின் இணைப்பு முகவரியை அரட்டைப் பகுதியில் இட்டு, மாணவர்களைத் தத்தம் கருவியிலேயே பார்க்கச் செய்வதே தகும்.