யமுனா ஏரியும் ஒரு வாக்கியமும்

நல்லூர் அரண்மனையைப் பற்றி எழுதுகிறவர்கள் யாழ்ப்பாண வைபவமாலையில் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் எடுத்துக் காட்டுவார்கள். மதில், மாளிகை, பூங்கா. பூங்காவின் நடுவே நீராட்டு மண்டபம், மூன்று புடை கொண்ட கூபம். அதிலே யமுனை நீரைக் கலந்தது. எல்லாரும் அந்த யமுனை நீரோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் முக்கியமான சொல் 'நடுவே' என்பதுதான். அது பூங்காவின் அமைப்பைச் சொல்லும் சொல்.

யமுனா ஏரியைப் போய்ப் பார்த்தால் 'ப' எழுத்துப் போல மூன்று கையோடு கிடக்குது. மூன்று புடை என்பதற்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் மயில்வாகனப் புலவர் எழுதியது ஒல்லாந்தர் காலத்தில். 1619இல் போர்த்துக்கேயரிடம் அரசு போய், நூறு வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. ஆகவே நூலை மட்டும் வைத்துக்கொண்டு பூங்காவை வரைய முடியாது.

சீகிரியாவில் குளத்திலிருந்து நிலத்துக்கு அடியால் வாய்க்கால் ஓடி, மழைக்காலத்தில் இன்றும் நீரூற்று எழும்புகிறது. யாழ்ப்பாணத்தில் அப்படி ஓட ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் மழைநீர்தான் எல்லாம். அது மாரியில் ஏறும், கோடையில் இறங்கும். அதனால் இங்கே நீரைக் கீழே இறங்கித்தான் எடுக்கவேணும். பிறகு துலாவால் இறைத்து மண் வாய்க்காலில் விடவேணும். மண் வாய்க்கால் கல்லைப்போல நிலைக்காது.

அப்ப அந்த வாய்க்காலை எங்கே தேடுவது? காணி உறுதியில். எங்கட பக்கத்து உறுதிகளில் வளவின் பெயர், பரப்பு, நான்கு எல்லை, கிணற்றுப் பங்கு, வழி வாய்க்கால் உரிமை எல்லாம் எழுதப்பட்டிருக்கும். சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம் போன்ற பெயர்களை ஒல்லாந்தர் தோம்போடு ஒப்பிட்டு, ஒரே அளவுத்திட்டத்தில் வரைபடத்தில் இடவேணும். பழைய எல்லைகள் பல, ஏரியின் கைகளுக்கு நேராகவோ செங்குத்தாகவோ விழுந்தால் அங்கே ஒரு திட்டம் இருந்திருக்கலாம். ஒன்றிரண்டு விழுந்தால் தற்செயல். (1990 ஒக்டோபரில் சில மணி நேரத்தில் வீட்டை விட்டு வெளியேறிய எங்களுக்கு, உறுதியில் எழுதிய நான்கு எல்லை என்ன பெறுமதி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.)

ஏரியில் செய்யவேண்டியது வேறு. கைகளின் நீளம், அகலம், படிகளின் மட்டம் அளந்து, ஒரு வருஷம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறிக்கவேணும். கோடையில் எந்தப் படி வரைக்கும் தண்ணி நிற்குது என்று தெரிந்தால்தான் அந்தப் படியின் தேவை விளங்கும்.

'துப்புரவு' என்ற பெயரில் இயந்திரம் இறக்கி வாருவதுதான் பெரிய ஆபத்து. அடிச் சேற்றில் பழைய மகரந்தம் கிடக்கலாம். என்ன மரம் நட்டார்கள் என்பதற்குச் சாட்சி அதுதான். கரையில் இப்போது நிற்கும் மரங்கள் அல்ல. முதலில் சேற்றைக் குழாயால் அடுக்குக் கலையாமல் எடுத்து வைக்கவேணும். அடியில் சீமெந்து போட்டால் ஊற்று அடைபட்டு அது வெறும் தொட்டியாகிவிடும். வெளியே பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் கோடையில் நீர்மட்டம் நிலத்தடி நீரைக் காட்டாது.