வெள்ளை சாக்லேட்டும் சாக்லேட்தான்!

"வெள்ளை சாக்லேட்டா? அது சாக்லேட்டே இல்லையே!" என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. உடனே ஒரு துண்டு கோகோ வெண்ணெயை எடுத்து அவர்கள் உள்ளங்கையில் வைத்துவிடுவேன். வெளிர் மஞ்சளாக, மெழுகுக்கட்டி போலக் கெட்டியாக இருக்கும். உடைத்தால் படக்கென்று சத்தம் வரும். உள்ளங்கையில் கொஞ்சம் தேய்த்தால் ஓரம் பளபளக்கும், அப்புறம் வழுக்கும், கடைசியில் எண்ணெயாகவே ஓடும். அதை அப்படியே முகர்ந்து பார்க்கச் சொல்வேன். சாக்லேட் வாசனை! வாசனை நீக்காத, இயற்கையான கோகோ வெண்ணெய் என்றால் அந்த மணமே வாதத்தை முடித்துவைத்துவிடும்.

கோகோ விதையைப் புளிக்கவைத்து, காயவைத்து, வறுத்து, தோல் நீக்கினால் கிடைப்பது பருப்பு. அதில் பாதிக்கு மேல், ஏறத்தாழ 54 சதவீதம், கொழுப்பு. பருப்பை அரைத்தால் அந்தக் கொழுப்பே உருகி, மாவு கருங்குழம்பாகிவிடும். குழம்பை அழுத்தி, கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு 1828-ல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்றார்கள். பிழிந்து வரும் கொழுப்புதான் கோகோ வெண்ணெய். எஞ்சும் கட்டியைப் பொடித்தால் கோகோ பவுடர். நம் ஊர் செக்கில் எள்ளை ஆட்டினால் நல்லெண்ணெய் ஒரு பக்கம், புண்ணாக்கு ஒரு பக்கம் பிரிகிறதல்லவா, அதே சங்கதி. நல்லெண்ணெய் எள்ளே இல்லை என்று யாராவது சொல்வார்களா?

பிழியும்போது எது எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கருப்பு நிறம், கசப்பு, துவர்ப்பு, லேசான சுறுசுறுப்பைத் தரும் தியோபுரோமின் எல்லாம் கொழுப்பில்லாத திடப்பொருளோடு தங்கிவிடுகின்றன. வெள்ளை சாக்லேட்டில் இவை அநேகமாக இல்லை. அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் பாரை உடைக்கும்போது கேட்கும் அந்தச் சத்தம், மேலே தெரியும் பளபளப்பு, நாக்கில் வைத்ததும் குளிர்ச்சியாகக் கரைந்து ஓடும் சுகம், இவை அத்தனையும் வெண்ணெயின் கொடை. கோகோ பவுடரைச் சர்க்கரையோடு வாயில் போட்டுப் பாருங்கள், சுவை இருக்கும், சாக்லேட் இருக்காது.

ஒரு கணக்கு போடலாம். கோகோ பருப்பும் சர்க்கரையும் மட்டுமே சேர்ந்த 70 சதவீத டார்க் பார், 100 கிராம் எடை. அதில் பருப்பு 70 கிராம். அதன் 54 சதவீதம் என்றால் கோகோ வெண்ணெய் மட்டும் கிட்டத்தட்ட 38 கிராம். கருப்புத் திடப்பொருள் சுமார் 32 கிராம்தான். அட்டையில் பெருமையாகப் போடும் அந்த 70 என்ற எண்ணிலேயே பெரிய பங்கு வெண்ணெய்க்கு! நான் செய்யும் வெள்ளை பாரில் 100 கிராமுக்கு 35 கிராம் கோகோ வெண்ணெய் போடுகிறேன். டார்க் சாக்லேட் பிரியர் வாயில் கரைவதும் என் வாயில் கரைவதும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே பொருள்.

அந்தப் பொருள் இவ்வளவு அழகாகக் கரைவதற்கும் காரணம் உண்டு. பெரும்பாலான கொழுப்புகள் பலதரப்பட்ட மூலக்கூறுகளின் கலவை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். கோகோ வெண்ணெயில் ஒன்றையொன்று ஒத்த மூன்றே வகை மூலக்கூறுகள்தான் பெரும்பகுதி. அவை ஏறக்குறைய ஒரே சமயத்தில், 34 டிகிரி செல்சியஸ் அளவில் உருகுகின்றன. நம் உடல் சூட்டுக்குச் சற்றே கீழே! சட்டென்று உருகும்போது நாக்கிலிருந்து வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. அதுதான் அந்தக் குளிர்ச்சி.

செய்முறையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும். உலகமெங்கும் சிறிய சாக்லேட் தயாரிப்பாளர்கள் பயன்படுத்துவது நம் கோயம்புத்தூர் டேபிள்டாப் வெட்கிரைண்டரின் வம்சத்தில் வந்த கல் இயந்திரத்தைத்தான். இட்லி மாவு அரைத்த அதே உருளைக்கல்! தொடர்ந்து பல மணி நேரம் ஓடத் தாங்கும்படி சாக்லேட்டுக்கென்றே செய்த வகை அது. ஒரு கிலோவுக்கு 350 கிராம் கோகோ வெண்ணெய், 390 கிராம் சர்க்கரை, 260 கிராம் கொழுப்பு நீக்காத பால் பவுடர், ஒரு வெனிலாக் காயின் விதைகள், ஒரு சிட்டிகை உப்பு. உருக்கிய வெண்ணெயை முதலில் ஊற்றி, கல் சுற்றத் தொடங்கிய பிறகு சர்க்கரையையும் பால் பவுடரையும் கரண்டி கரண்டியாகச் சேர்க்க வேண்டும். சோளமாவு கலந்த கடைப் பொடிச்சர்க்கரை ஆகாது. வீட்டிலேயே பொடித்தது நல்லது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் எல்லாம் இறுகிக் கட்டியாகிவிடும். சூடு 50 டிகிரியைத் தாண்டினால் பால் பவுடர் திரண்டு குழம்பு களிம்பாகும். ஒரு முழு நாள் ஓடிய பிறகு துளி எடுத்து நாக்கால் அண்ணத்தில் அழுத்திப் பாருங்கள், நறநறப்பு துளியும் இருக்காது. பட்டு!

அதன்பின் பதப்படுத்துதல். கோகோ வெண்ணெய் ஆறு விதமான படிகங்களாக உறையக்கூடியது. நமக்கு வேண்டியது ஐந்தாவது மட்டும். 45 டிகிரிக்கு உருக்கி, கிண்டிக்கொண்டே 26-க்கு இறக்கி, மறுபடி 28 அல்லது 29-க்கு ஏற்றினால் அது வந்துவிடும். கத்தி முனையைத் தோய்த்து எடுத்து வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் பளபளவென்று உறைய வேண்டும். உறைந்தது சாம்பல் பூத்து, கோடு கோடாகத் தெரிந்தால் வேறு படிகம் புகுந்துவிட்டது என்று அர்த்தம்; மறுபடி உருக்கித் தொடங்கலாம், வீணாகாது.

சட்டமும் என் பக்கம்தான். ஐரோப்பிய விதிப்படி வெள்ளை சாக்லேட்டில் குறைந்தது 20 சதவீதம் கோகோ வெண்ணெய் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்குத் தனி வரையறையே இல்லாமல் இருந்து, 2004 முதல் அதே 20 சதவீதம் நடைமுறைக்கு வந்தது. என் கேள்வியெல்லாம் இன்னொரு வகையிடம்தான்: கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக பாமாயிலோ வனஸ்பதியோ சேர்த்த 'காம்பவுண்ட்'. கேக் கடைகளில் வெள்ளை சாக்லேட் என்று பலரும் சாப்பிட்டு வெறுத்தது இதைத்தான். அதில் கோகோ விதையின் எந்தப் பாதியும் பெரிதாக இல்லை, அதைச் சாக்லேட் என்று நானும் சொல்ல மாட்டேன். கண்டுபிடிப்பது சுலபம். சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் சந்தேகப்படுங்கள்; நல்லது தந்த நிறத்தில் இருக்கும். அட்டையின் பின்பக்கம் கோகோ வெண்ணெய் முன்வரிசையில் இருக்கிறதா, வேறு தாவரக் கொழுப்பு எட்டிப் பார்க்கிறதா என்று படியுங்கள். காம்பவுண்ட் வாயில் கரைந்த பிறகும் அண்ணத்தில் மெழுகாக ஒட்டிக்கொண்டே இருக்கும்.

நல்ல பார் ஒன்று கிடைத்துவிட்டால் பாதியைச் சாப்பிடுங்கள், மீதியை உடைத்து, துளி ஈரமில்லாத தட்டில் பரப்பி, 120 டிகிரி அவனில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து நன்றாகக் கிளறுங்கள். நடுவில் திரிதிரியாகத் தெரியும், பயப்பட வேண்டாம், அழுத்திக் கிளறினால் சேர்ந்துகொள்ளும். முக்கால் மணி நேரத்தில் பாலும் சர்க்கரையும் சிவந்து, பால்கோவா நிறத்துக்கு வந்துவிடும். பிரான்சின் வல்ரோனா நிறுவனம் இதே யோசனையை 2012-ல் 'டல்சே' என்ற பெயரில் சாக்லேட்டாகவே கொண்டுவந்தது. வீட்டில் செய்ததில் இரண்டு கல் உப்பைத் தூவி, சூடு ஆறுவதற்குள் கரண்டியோடு உட்கார்ந்துவிடுங்கள்!