தாய்நாட்டு சர்வர் என்னும் நம்பிக்கை

வெளிநாட்டில் வங்கிச் செயலியைத் திறக்குமுன் விபிஎன்னை இயக்கித் தாய்நாட்டு சர்வரைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்ற அறிவுரை, விளம்பரங்களின் வழியே ஒரு பாதுகாப்பு விதியாகவே நிலைபெற்றுவிட்டது. கைப்பேசிக்கும் வேறொரு சர்வருக்கும் இடையே மறைகுறியிட்ட பாதை அமைத்து, அந்த சர்வரின் ஐபி முகவரியையே பயனரின் முகவரியாகக் காட்டும் ஏற்பாடுதான் விபிஎன். விடுதி வைஃபையை நடத்துபவரிடமிருந்து பயனர் செல்லும் தளங்களை அது மறைக்கிறது என்பது உண்மையே. ஆனால் செயலிக்கும் வங்கிக்கும் இடையிலான போக்குவரத்து விபிஎன் இல்லாமலும் மறைகுறியிடப்பட்டே செல்வதால், இங்கு அந்த நன்மை சிறிது.

இழப்போ பெரிது. வணிக விபிஎன்னின் ஒரே முகவரியை முன்பின் அறியாத பலர் பகிர்ந்துகொள்கின்றனர். திருடிய கடவுச்சொற்களை வரிசையாக முயன்று பார்ப்பவரும் அவர்களுள் இருக்கலாம். அம்முகவரி வீட்டு இணைய இணைப்புக்கு உரியதன்று, தரவு மையத்துக்கு உரியது என்பதைப் பொதுப் பதிவேடுகளே காட்டிவிடுவதால், வங்கியின் மோசடித் தடுப்பு அமைப்பு ஆளைப் பார்க்குமுன் முகவரியைக் கண்டே கதவை அடைத்துவிடக்கூடும். ஆண்ட்ராய்டில் விபிஎன் இயங்குகிறதா என்பதைச் செயலி இயங்குதளத்திடமே கேட்டறியவும் முடியும். இந்நிலையில் சர்வரை மாற்றி மாற்றி முயல்வது நிலைமையைக் கெடுக்கவே செய்யும்: பத்து நிமிடங்களில் மூன்று நாடுகளிலிருந்து நுழைய முயலும் கணக்கு, திருடு போன கணக்கைப் போலவே தோன்றும்.

'இந்திய சர்வர்' என்ற பெயரும் ஐயத்துக்குரியது. பயனர் விவரங்களை ஐந்தாண்டுகள் சேமிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஆணையிட்டபின், சில விபிஎன் நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து சர்வர்களை அகற்றி, சிங்கப்பூர் போன்ற இடங்களிலிருந்து இந்திய முகவரிகளை வழங்கின. ஊருக்குள்ளிருந்து பேசுவதாகப் பயனர் நம்ப, பேச்சு கடலுக்கு அப்பாலிருந்து போகிறது.

காரணம் கூறாமல் 'பின்னர் முயலவும்' என்று மட்டும் சொல்லும் வங்கிகளும் குற்றமற்றவை அல்ல. எனினும் காரணத்தைப் பயனரே அறியலாம்: விபிஎன்னை நிறுத்தி, வைஃபையிலிருந்து கைப்பேசி டேட்டாவுக்கு மாறி, ஒரே ஒரு முறை முயன்று நுழைய முடிந்தால், தடை விபிஎன்னாலோ அந்த வைஃபையாலோ வந்தது.

பிராங்க்பர்ட் விடுதியில் தங்கியுள்ள சென்னைக்காரர் தம் இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவைப் பயன்படுத்தினால், அது பெரும்பாலும் இந்திய நிறுவனத்தின் நுழைவாயில் வழியாகவே இணையத்தை அடைவதால், விபிஎன் இல்லாமலே இந்திய முகவரி கிடைக்கிறது. ஓடிபி வரவும் அந்த சிம் இயங்கியாக வேண்டும். பிற வேலைகளுக்கு விபிஎன் தேவையென்றால், 'ஸ்பிளிட் டனலிங்' அமைப்பில் வங்கிச் செயலிக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். அப்போது ஆண்ட்ராய்டில் 'Block connections without VPN' இயக்கத்தில் இருந்தால், விலக்களித்த செயலிக்கு இணையமே கிடைக்காது. அந்தத் தோல்வியையும் பயனர் வங்கியின் மறுப்பாகவே எண்ணிக்கொள்வார்.