முழங்கையை யார் தேர்ந்தெடுப்பது?

பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை, வார இறுதி ரோபோட்டிக்ஸ் வகுப்புகளில் மூன்று சர்வோ மோட்டார் பூட்டிய சின்னக் கை இல்லாத மேசை இப்போது அரிது. அடியில் சுழல ஒன்று, தோளுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று. பிடி போய்ச் சேர வேண்டிய இடத்தைக் கொடுத்து, மூன்று மூட்டுகளும் எத்தனை பாகை திரும்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பதுதான் இன்வர்ஸ் கினமாட்டிக்ஸ். இந்தக் கணக்கை மாணவர் போடுவதில்லை, லைப்ரரி போடுகிறது. கேட்டால், "லைப்ரரி இருக்கும்போது முக்கோணம் எதற்கு?" என்கிறார்கள் பயிற்றுநர்கள். இந்த வாதம் தவறு என்பது என் நெடுநாள் கருத்து.

லைப்ரரிகளில் பல, விடையைப் படிப்படியாக நெருங்கும் முறையைப் பின்பற்றுபவை. ஏதோ ஒரு நிலையில் தொடங்கி, பிடி எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல் குறையும் பக்கமாக மூட்டுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே போகும். இதற்கென்று ஓர் இடம் உண்டு. ஏழு மூட்டுக் கைக்கும், அச்சுகள் ஒன்றையொன்று வெட்டாத கைக்கும் பெரும்பாலும் இதுதான் வழி. சூத்திரத்துக்கும் குறை உண்டு. எட்டாத இடத்தைக் கொடுத்தால் எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் எடுக்கப் பார்த்து முறிந்துவிடும், அதை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். இவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நம் மேசையில் இருப்பது மூன்று மூட்டுக் கை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தோள் மூட்டு மேசையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. மேற்கை 15 செ.மீ., முன்கை 10 செ.மீ. எடுக்க வேண்டிய பொருள் x = 12, y = 9, z = 2 என்ற இடத்தில் இருக்கிறது. அடி மூட்டின் கோணம் atan2(9, 12), அதாவது 36.87 பாகை. கை அந்தப் பக்கம் திரும்பியதும் மூன்று பரிமாணக் கணக்கு ஒரு செங்குத்துத் தளத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்தத் தளத்தில் தோளிலிருந்து இலக்கு 15 செ.மீ. முன்னே, 10 செ.மீ. கீழே. இவற்றை r = 15, s = -10 என்று வைத்துக்கொள்வோம். மேற்கை, முன்கை, தோளிலிருந்து இலக்குக்குப் போகும் கோடு ஆகிய மூன்றும் ஒரு முக்கோணம். மிச்சமிருப்பது கொசைன் விதிதான். படிவம் 4 கூடுதல் கணிதத்தில் முக்கோணத் தீர்வு என்று ஒரு முழுப் பாடமே அதற்கு இருக்கிறது.

```
c3 = (r*r + s*s - L1*L1 - L2*L2) / (2*L1*L2)
s3 = -sqrt(1 - c3*c3)
t3 = atan2(s3, c3)
t2 = atan2(s, r) - atan2(L2*s3, L1 + L2*c3)
```

முதல் வரியில் 225 + 100 - 225 - 100 என்று வந்து c3 பூச்சியமாகிறது. எனவே முழங்கை -90 பாகை, தோள் 0 பாகை. மேற்கை மேசைக்கு இணையாக நீண்டு, முன்கை நேர் கீழே இறங்குகிறது. பொருளை மேலிருந்து எடுக்க இதைவிட நல்ல நிலை கிடையாது.

இரண்டாம் வரியில் நிற்கும் கழித்தல் குறியைக் கூட்டலாக்கினால் முழங்கை +90, தோள் -67.38 என்று வரும். இதிலும் பிடி அதே புள்ளியைத்தான் தொடுகிறது. ஆனால் முழங்கை தோளுக்குக் கீழே 13.85 செ.மீ. இறங்கியிருக்கும். தோளின் உயரமோ 12 செ.மீ. ஆக, முழங்கை மேசைப் பலகைக்கு 1.85 செ.மீ. அடியில் இருந்தாக வேண்டும். கணக்குக்கு இரண்டும் சரியான விடை. மேசைக்கு ஒன்றுதான் சரி. அதைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கழித்தல் குறி. எழுதியவருக்கு அது கண்முன் தெரிகிறது.

லைப்ரரியில் அந்தக் குறி எங்கே இருக்கிறது? தொடக்க நிலையில் ஒளிந்திருக்கிறது. மாணவர்கள் தொடக்கமாகக் கொடுப்பது பெரும்பாலும் எல்லா மூட்டுக்கும் பூச்சியம், அதாவது கை நேராக நீட்டிய நிலை. அங்கிருந்து தோளைத் திருப்பினாலும் முழங்கையைத் திருப்பினாலும் பிடி மேலோ கீழோதான் நகரத் தொடங்கும், உள்ளே வராது. இலக்கு கீழே இருந்தால் இரண்டு மூட்டுகளும் கீழ்நோக்கித் திரும்பத் தொடங்குகின்றன. சிறு சிறு அடியாகப் போனால் நாம் விரும்பும் விடையே வரும். அதே முன்தூரத்தில் இலக்கு தோளுக்கு 10 செ.மீ. மேலே, z = 22-இல் இருந்தால்? நேராக நீட்டிய கைக்கு மேல் பக்கமும் கீழ் பக்கமும் கண்ணாடிப் பிம்பம் போல ஒன்றுக்கொன்று சமம். ஆகவே கணக்கும் முதல் படி முதல் கடைசிப் படி வரை கவிழ்ந்த வடிவில் நடந்து, முழங்கை +90 என்று முடியும். முழங்கை இப்போது மறுபக்கம்.

இந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஒரு மைலோ டின்னைத் தூக்கிப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் லைப்ரரியைப் பூச்சியத்திலிருந்து தொடங்கவிட்டால், தோள் உயரமான 12 செ.மீ.யைத் தாண்டும் நொடியில் முழங்கை சுமார் -109 பாகையிலிருந்து +109 பாகைக்குத் தாவ வேண்டியிருக்கும். அது ஏறத்தாழ 219 பாகை வீச்சு. 180 பாகை சர்வோ அதற்கு இடம் கொடுக்காது. தடுப்பில் முட்டி நின்று, முனகி, சூடாகும். மாணவர் மோட்டார் பழுது என்று எண்ணி அதை மாற்றுவார்.

சரியாக 12 செ.மீ. உயரத்தில் கொடுத்தால் கதை இன்னும் மோசம். அடி மூட்டு திரும்பும். பிறகு எதுவும் நகராது. பிடி 25 செ.மீ. தூரத்தில், இலக்கைத் தாண்டி 10 செ.மீ. வெளியே நிற்கும். உள்ளே இழுக்க எந்த மூட்டும் உதவாத நிலையில் சிக்கியதால், திருத்தம் பூச்சியம் என்றே கணக்குச் சொல்லும். சூத்திரமோ c3 = -1/3, முழங்கை -109.47, தோள் 38.94 என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது.

தொடக்கத்தில் முழங்கைக்கு -10 பாகை கொடுத்தால் போயிற்று, ஒவ்வொரு முறையும் பழைய நிலையிலிருந்தே தொடங்கினால் போயிற்று என்பார்கள். உண்மைதான், சரியாகிவிடும். ஆனால் அந்த -10 என்பது வேறொன்றுமில்லை, சூத்திரத்தில் நின்ற அதே கழித்தல் குறிதான். லைப்ரரி தேர்வு செய்யும் வேலையைக் குறைக்கவில்லை. மாணவர் கண்ணிலிருந்து மறைத்தது, அவ்வளவே. இரண்டு விடை இருப்பது தெரியாமல் -10 போடுபவர் மந்திரம் போடுகிறார்.

தொழிற்சாலை இதை மறைப்பதில்லை. 1978-இல் வந்த பூமா கையின் நிரல்மொழியான வாலில் `ABOVE`, `BELOW` என்ற கட்டளைகள் முழங்கைக்கென்றே இருந்தன. ஃபானுக் கையில் சேமிக்கும் புள்ளிகளுடன் இன்றும் முழங்கை மேலா கீழா என்ற எழுத்து சேர்ந்தே பதிவாகிறது. 1968-இல் டொனால்ட் பீப்பர், ஆறு மூட்டுக் கையிலும் அடுத்தடுத்த மூன்று அச்சுகள் ஒரு புள்ளியில் சந்தித்தால் முழுத் தீர்வை எழுதிவிடலாம் என்று காட்டினார். ஆலைகளில் பார்க்கும் கைகளில் பெரும்பாலானவற்றின் மணிக்கட்டு அப்படி அமைந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சூத்திரம் எழுத முடிய வேண்டும் என்பதற்காக அங்கே கையின் வடிவத்தையே அமைத்துக்கொள்கிறார்கள். எழுதவே எளிதான கையை வைத்துக்கொண்டு நாம் எழுத மறுக்கிறோம்.

போட்டி நடுவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பிடி இலக்கைத் தொட்டதா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டால், தொட்டதற்கான பயிற்சிதான் நடக்கும். இலக்கைத் தோள் உயரத்தில் ஒருமுறை வையுங்கள். முழங்கை எந்தப் பக்கம் வரும் என்பதைக் கை நகருமுன் மாணவரிடம் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர், கை இலக்கைத் தொட்டாலும், இன்வர்ஸ் கினமாட்டிக்ஸ் செய்தவர் ஆகமாட்டார். அவருக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுக்கக் கூடாது.